லீவைக் குறைத்துக்கொண்டு முன்னதாகத் திரும்பினால், எந்த வேலையைத் தொடங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் பம்பு செட் தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தின் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். லீவு கேட்டு வருபவர்களைவிட, லீவை முடிக்காமலே திரும்பி வருபவர்களால்தான் எனக்குக் குழப்பம் அதிகம். அது எப்படி என்று கேட்பவர்களுக்காக, என்னிடம் வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் கணக்குப் பிரிவிலிருந்து வருபவை. வேறு துறையில் இருப்பவர்கள் வேலையின் பெயரை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

என் லீவு, என் கணக்கில் இருக்கும் நாள். வேண்டாம்னு நினைச்சா நேரா ஆபீஸுக்குப் போயிடலாம்தானே?

போகக் கூடாது. லீவு ஒப்புதல் ஆன நிமிடத்திலிருந்து அந்த நாட்களை நம்பி வேறு சில ஏற்பாடுகள் நடந்திருக்கும். உங்கள் வேலை ஒருவரிடம் போயிருக்கும், உங்கள் பேங்க் உரிமை நிறுத்தப்பட்டிருக்கும், சம்பளக் கணக்கில் அந்த நாட்கள் லீவு என்று ஏறியிருக்கும். நீங்கள் சொல்லாமல் வந்து விரல் வைத்தால் வருகைப்பதிவு இயந்திரம் ஏற்றுக்கொள்ளும். ஆனால் சம்பள மென்பொருளில் லீவு அப்படியே நிற்கும். மாதக் கடைசியில் வேலையும் பார்த்திருப்பீர்கள், லீவும் கழிந்திருக்கும்.

அரசு ஊழியர்களுக்கு இது எழுதி வைத்த விதி. மத்திய அரசின் 1972ஆம் ஆண்டு விடுப்பு விதிகளில் 24ஆவது விதி இதைத்தான் சொல்கிறது: விடுப்பு கொடுத்த அதிகாரி அனுமதித்தால் ஒழிய, விடுப்பு முடியும் முன் பணிக்குத் திரும்பக் கூடாது. தனியார் நிறுவனங்களில் இவ்வளவு தெளிவாக எழுதியிருக்க மாட்டார்கள். நடைமுறை அதேதான்.

சின்ன வயதில் நானே இதில் மாட்டியிருக்கிறேன். அப்போது வேறொரு கம்பெனியில் இருந்தேன். தங்கை கல்யாணத்துக்குப் போட்ட லீவில் 2 நாள் மிச்சம் இருந்தது. வீட்டில் சும்மா இருப்பானேன் என்று யாரிடமும் சொல்லாமல் வேலைக்குப் போய்விட்டேன். மேஜையில் ஒரு சப்ளையர் பில் இருந்தது, 1,86,000 ரூபாய். டேலி என்ற கணக்கு மென்பொருளில் பார்த்தால் பணம் கொடுத்த பதிவு இல்லை. உடனே நெஃப்டில் அனுப்பிவிட்டேன். எனக்குப் பதிலாகப் பார்த்தவர் அதே பில்லுக்குக் காலையிலேயே செக் எழுதிக் கொடுத்திருந்தார். செக்குகளை அவர் சாயங்காலம்தான் மொத்தமாகப் பதிவு செய்வார். சப்ளையர் நல்ல மனிதர்தான், இருந்தாலும் பணம் திரும்ப வரவில்லை. அடுத்து வந்த பில்களில் கழித்துக் கழித்துச் சரிசெய்ய 3 மாதம் ஆனது.

எப்போ சொல்லணும்? போன் போதுமா, மெயில் போடணுமா?

திரும்பப் போகிறோம் என்று உறுதியானதும் முதலில் போன், அதே நாளில் மெயில். போனில் சம்மதம் வாங்குங்கள், மெயிலில் தேதியைப் பதியுங்கள். குறைந்தது ஒரு முழு வேலை நாள் இடைவெளி கொடுங்கள். அந்த ஒரு நாளில்தான் உங்கள் வேலையைப் பார்ப்பவரிடம் மேலாளர் பேச முடியும், ஐடி ஆட்கள் உங்கள் கணக்கைத் திறக்க முடியும், ஹெச்.ஆர். லீவைத் திருத்த முடியும்.

"ஒருவேளை வந்தாலும் வருவேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை வைத்து யாரும் எதையும் திட்டமிட முடியாது. உறுதியாகும்வரை பேசாமல் இருப்பதே மேல்.

மேலாளருக்கு என்னதான் தெரியணும்? "புதன்கிழமை வர்றேன் சார்"னு சொன்னா போதாதா?

போதாது. நான் அந்த நாற்காலியில் இருந்து சொல்கிறேன். "புதன்கிழமை வருகிறேன்" என்று கேட்டதும் சந்தோஷம்தான். அடுத்த நொடியே நான்கு சந்தேகம் வரும். முழுதாக வருகிறாரா, இல்லை இரண்டு நாள் இருந்துவிட்டு மறுபடி போவாரா? அவர் வேலையைப் பார்க்கும் பையனை அதிலிருந்து எடுத்துவிடலாமா? கெடு நெருங்கும் வேலையை யார் பெயரில் வைப்பது? அவருக்கு இங்கே நடந்தது எவ்வளவு தெரியும்? திரும்பி வருபவர் இவற்றுக்குத் தானே பதில் சொல்லிவிட்டால் நான் "சரி" என்று ஒரு வரி அனுப்பினால் போதும். சொல்லாவிட்டால் புதன்கிழமை காலை 2 மணி நேரம் இதிலேயே போகும்.

ஏன் லீவைக் குறைத்தீர்கள் என்பதை ஒரு வரியில் சொன்னால் போதும். காரணம் மறுபடி தலைதூக்கக்கூடியதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

எந்த வேலையை உடனே எடுக்கலாம், எதைத் தொடக் கூடாதுன்னு எப்படிப் பிரிக்கிறது?

எங்கள் பிரிவில் நடந்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். சீனியர் அக்கவுண்டன்ட் ஒருவர் மதுரையில் அம்மாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை என்று ஜூலை 1 செவ்வாய் முதல் 17 வியாழன்வரை லீவு எடுத்தார். அம்மாவுக்குச் சர்க்கரை கூடுதலாக இருந்ததால் டாக்டர்கள் அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்துவிட்டார்கள். 7ஆம் தேதி திங்கள் மதியம் எனக்குப் போன் வந்தது. 9ஆம் தேதி புதன்கிழமை வருவதாகச் சொன்னார். அவர் வேலையை எங்களிடம் உள்ள ஓர் இளைஞர் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை எல்லோரும் தம்பி என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

கணக்குப் பிரிவில் மாதத்தின் முதல் 20 நாள் கெடுக்களால் ஆனது. முந்தைய மாதம் பணம் கொடுக்கும்போதே பிடித்த வரியான டிடிஎஸ்ஸை 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1க்கு 11, பிஎஃப்புக்கும் இஎஸ்ஐக்கும் 15, வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பிக்கு 20. அவர் திரும்பிய 9ஆம் தேதி இவற்றின் நடுவில் விழுந்தது. ஒவ்வொரு வேலையைப் பற்றியும் அவர் தன்னையே கேட்டுக்கொண்டது மூன்று கேள்விதான். அது இப்போது யார் கையில், எந்த இடத்தில் நிற்கிறது? அதைத் தொட எனக்கு வேண்டிய தகவலும் உரிமையும் இருக்கிறதா? நான் திடீரென்று மறுபடி மதுரைக்குப் போனால் அது அந்தரத்தில் நிற்குமா?

முதலில் பேங்க் ரெகன்சிலியேஷன், அதாவது நம் கணக்கைப் பேங்க் ஸ்டேட்மென்டோடு ஒத்துப் பார்ப்பது. ஜூன் 30ஓடு நின்றிருந்தது, தம்பி தொடவே இல்லை. அதற்குப் பேங்க் ஸ்டேட்மென்டும் டேலியும் போதும், பணம் அனுப்பும் உரிமை தேவையில்லை. பாதியில் விட்டுப் போனாலும் யாருக்கும் அபராதம் இல்லை. ஆகவே புதன்கிழமை காலையே தொடங்கலாம். இதை முதலில் எடுத்ததில் இன்னொரு நன்மையும் உண்டு. அவர் இல்லாத 8 நாளில் யாருக்கு எவ்வளவு போனது, எந்தச் செக் இன்னும் பாஸ் ஆகவில்லை என்பதெல்லாம் இந்த வேலையிலேயே கண்ணில் பட்டுவிடும். யாரையும் உட்கார வைத்துக் கதை கேட்க வேண்டியதில்லை. என் 1,86,000 ரூபாய் கதையில் நான் முதலில் இதைச் செய்திருந்தால்கூடத் தப்பித்திருக்க மாட்டேன், அந்தச் செக் அன்று காலைதான் போனது. அதனால்தான் அடுத்த வேலையில் கவனம் வேண்டும்.

அது சப்ளையர் பணம். அவருக்கு இருந்த மேக்கர் உரிமை, அதாவது பணம் அனுப்பப் பதிவு போடும் உரிமை, லீவுக்கு முன் தம்பிக்கு மாற்றப்பட்டிருந்தது. அதைத் திரும்ப மாற்ற பேங்கில் கையெழுத்திட்ட படிவம் கொடுக்க வேண்டும், இரண்டு மூன்று நாள் ஆகும். உரிமை உடனே கிடைத்திருந்தாலும் எடுக்கச் சொல்லியிருக்க மாட்டேன். ஒரே வாரத்தில் இரண்டு பேர் பணம் அனுப்பினால் ஒரே பில் இரண்டு முறை போகும். ரெகன்சிலியேஷன் முடிந்து, தம்பி எழுதி வைத்த செக்கெல்லாம் பதிவாகி, 14ஆம் தேதி திங்கள்கிழமை காலை முதல் அவர் என்று நாளைக் குறித்துக்கொண்டோம். சனிக்கிழமை சாயங்காலம்வரை தம்பி மட்டும்.

ஜிஎஸ்டிஆர்-1க்குக் கெடு 11, அவர் வருவது 9. வெளியில் இருந்து பார்த்தால் "அனுபவசாலி வந்துவிட்டார், அவரிடமே கொடு" என்றுதான் தோன்றும். அவரே வேண்டாம் என்றார். தம்பி ஏற்கெனவே இன்வாய்ஸ்களைச் சரிபார்த்து முக்கால்வாசி முடித்திருந்தார். ஒரு பட்டியல் பாதியில் கைமாறும்போது நழுவுவது கிரெடிட் நோட்டுகள்தான்: "அவர் போட்டிருப்பார்" என்று இவரும், "இவர் போடுவார்" என்று அவரும் விட்டுவிடுவார்கள். இதில் தாமதமோ தவறோ வந்தால் பாதிப்பு நம்மோடு நிற்காது. 11க்குள் நம் இன்வாய்ஸ் ஏறாவிட்டால், வாங்கியவருக்கு மாதாமாதம் வரும் கொள்முதல் விவரமான ஜிஎஸ்டிஆர்-2பியில் அந்த மாதம் அது வராது, அவருக்கு வரி வரவு ஒரு மாதம் தள்ளிப்போகும். உடனே போன் வரும். எனவே தம்பியே தாக்கல் செய்வது, இவர் 10ஆம் தேதி மதியம் ஒரு முறை மொத்தத் தொகைகளை டேலியோடு ஒத்துப் பார்ப்பது என்று முடிவானது.

பிஎஃப், இஎஸ்ஐ இரண்டும் சம்பளப் பட்டியலை நம்பியவை. ஹெச்.ஆர். அதை 10ஆம் தேதி தருவார். அதற்குமுன் தொடங்க ஒன்றுமில்லை, அதன்பின் 15வரை நேரம் இருக்கிறது, தம்பியும் இன்னும் கைவைக்கவில்லை. சுத்தமாகக் கைமாற்றலாம். எடுத்துக்கொண்டார்.

ஜிஎஸ்டிஆர்-3பிக்குத்தான் அவர் வருகை உண்மையில் உதவியது. சப்ளையர்கள் ஏற்றிய விவரங்களை வைத்து வரும் 2பி 14ஆம் தேதிதான் கிடைக்கும். அதை நம் கொள்முதல் பதிவேட்டோடு ஒப்பிட்டு, எந்த ஐடிசியை, அதாவது வரி வரவை எடுக்கலாம், எதை நிறுத்திவைக்கலாம் என்று முடிவெடுப்பது பழக்கப்பட்டவர் வேலை. தம்பிக்கு அது முதல் முறையாக இருந்திருக்கும். 14 முதல் அவர் பொறுப்பு. அந்த மாதம் 20ஆம் தேதி ஞாயிறு, ஆகவே சனிக்கிழமை 19க்குள் முடிப்பது என்று வைத்தோம். மூன்றாவது கேள்வி இங்கேதான் கடித்தது: அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்து மருத்துவமனை திடீரென்று கூப்பிட்டால்? அதனால் ஒப்பிடும் எக்செல் கோப்பை அவர் கணினியில் வைக்காமல் பொது ஃபோல்டரில் வைத்து, தினமும் சாயங்காலம் எதுவரை ஆயிற்று என்று மேலே ஒரு வரி எழுதுவது என்று பேசிக்கொண்டோம்.

டிடிஎஸ் 7ஆம் தேதியே கட்டியாகிவிட்டது. அதன் காலாண்டு அறிக்கைக்கு ஜூலை 31வரை நேரம் இருப்பதால் 21க்குப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கினோம். அவ்வளவுதான்.

அந்த மெயில் எப்படி இருந்துச்சு? மாதிரி ஒண்ணு கொடுங்க.

அவர் அனுப்பியதை ஒட்டி, கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்.

> பொருள்: லீவு குறைப்பு, 09.07 புதன்கிழமை முதல் பணிக்கு வருகிறேன்
>
> சார், வணக்கம்.
>
> மதியம் போனில் பேசியபடி, அம்மாவின் அறுவை சிகிச்சை தள்ளிப்போயிருக்கிறது. 17.07 வரை ஒப்புதல் ஆன லீவை 08.07 உடன் முடித்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். 09.07 காலை வழக்கமான நேரத்துக்கு வந்துவிடுவேன். மீதி நாட்களை லீவுக் கணக்கில் திருப்பி வைக்கும்படி ஹெச்.ஆருக்கும் இதை அனுப்பியிருக்கிறேன்.
>
> புதன்கிழமையே தொடங்குவது: ஜூலை பேங்க் ரெகன்சிலியேஷன்.
> 10ஆம் தேதி சம்பளப் பட்டியல் வந்ததும்: பிஎஃப், இஎஸ்ஐ.
> 14 முதல்: ஜிஎஸ்டிஆர்-3பி. மேக்கர் உரிமை அதற்குள் திரும்ப வந்தால் சப்ளையர் பணமும்.
> தம்பியிடமே இருக்க வேண்டியது: ஜிஎஸ்டிஆர்-1. நான் 10ஆம் தேதி சரிபார்த்துத் தருகிறேன்.
>
> தம்பியிடம் இன்னும் இதைப் பற்றிப் பேசவில்லை. நீங்கள் சரி என்றதும் பேசுகிறேன்.
>
> புதிய தேதி ஆகஸ்ட் மூன்றாம் வாரமாக இருக்கலாம் என்கிறார்கள். உறுதியானதும் தனியாகக் கேட்கிறேன். அதற்கு முன் அவசரமாகக் கூப்பிட்டால் ஒரு நாள் முன்னதாகச் சொல்ல முயல்வேன்.

"தம்பியிடம் இன்னும் பேசவில்லை" என்ற வரியைக் கவனியுங்கள். அவர் நேராகத் தம்பிக்குப் போன் போட்டு "எல்லாத்தையும் நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லியிருந்தால், எனக்குத் தெரியாமல் இரண்டு வேலை கைமாறியிருக்கும். வேலையைப் பிரித்துக் கொடுத்தது நான் என்பதால் திருப்பி வாங்குவதும் என் வழியாகத்தான் போக வேண்டும்.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் என்ற தகவலும் எனக்கு உடனே பயன்பட்டது. அடுத்த 3பி கெடு ஆகஸ்ட் 20. அந்த முறை தம்பிதான் செய்ய வேண்டியிருக்கும் என்பதால், ஜூலையில் இவர் செய்யும்போது தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

என் வேலையைப் பார்த்துக்கிட்டவர் நல்லாவே பண்றார். நான் திடீர்னு வந்து நின்னா மனசு சங்கடப்படாதா?

படும், அதிலும் வயதில் சின்னவர் என்றால். ஒரு வாரமாகத் திக்கித் திணறிப் பிடிபட்ட வேலை, முடிக்கும் நேரத்தில் கையைவிட்டுப் போனால் யாருக்குத்தான் கசக்காது? முக்கால்வாசி முடிந்ததை அவரிடமே விடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வந்த அன்று அரை மணி நேரம் இருவரும் உட்காருங்கள். நீங்கள் கேட்க வேண்டியது "என்ன முடிஞ்சுது" என்று அல்ல. "யாரிடம் என்ன சொல்லியிருக்கே?" என்று கேளுங்கள். சப்ளையருக்கு வெள்ளிக்கிழமை பணம் வரும் என்று அவர் வாய்வார்த்தை கொடுத்திருப்பார். எந்தக் கோப்பிலும் அது இருக்காது. அப்புறம், அவர் உங்கள் முறையை மாற்றிச் செய்திருந்தால் அன்றைக்கே திருத்தாதீர்கள். மாத முடிவில் பேசலாம்.

வந்து உட்கார்ந்தா லாகினே ஆகலை. என்ன பண்றது?

இது பலருக்கும் நடக்கும். நீண்ட லீவில் போகிறவர்களின் கணக்கைச் சில நிறுவனங்கள் லீவு முடியும் தேதிவரை முடக்கிவைக்கும். அதை யாராவது கையால் திறந்தால்தான் உண்டு. பாஸ்வேர்டு காலாவதி ஆகியிருக்கும். மெயிலில் "லீவில் இருக்கிறேன், 18ஆம் தேதி வருவேன்" என்ற தானியங்கிப் பதில் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பீர்கள், வெளியில் இருப்பவர்களுக்கு நீங்கள் லீவில் இருப்பீர்கள்.

கணக்குப் பிரிவில் இன்னொரு பொருளும் உண்டு: டைரக்டரின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் டிஎஸ்சி டோக்கன். கம்பெனிகள் ஜிஎஸ்டி தாக்கல் செய்ய அது வேண்டும். லீவுக்குமுன் யாரிடம் கொடுத்தீர்களோ அவர் வேறு யாரிடமாவது கொடுத்திருப்பார். தாக்கல் நாளன்று தேடாமல் முதல் நாளே அது எங்கே என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். ஐடிக்குச் சொல்ல வேண்டியதை மேலாளர் சரி என்றதும், அதாவது வருவதற்கு முந்தின நாளே சொல்லிவிட்டால் பாதித் தொல்லை குறையும்.

எடுக்காத லீவு நாள் முழுசா திரும்பக் கிடைக்குமா?

பொதுவாகக் கிடைக்கும். எத்தனை என்பது உங்கள் நிறுவனம் லீவுக்கு நடுவில் வரும் ஞாயிறை எப்படி எண்ணுகிறது என்பதைப் பொறுத்தது. மேலே சொன்னவரின் கணக்கையே பார்ப்போம். ஜூலை 1 முதல் 17வரை மொத்தம் 17 நாள், நடுவில் 6, 13 என இரண்டு ஞாயிறு. எங்களுக்குச் சனிக்கிழமை வேலை நாள். ஞாயிறையும் லீவாக எண்ணும் இடத்தில் 17 கழிந்திருக்கும். 8ஆம் தேதியோடு முடித்தால் 8 நாள் செலவு, 9 நாள் திரும்ப வரும். ஞாயிறை எண்ணாத இடத்தில் கழிந்தது 15, செலவு 7, திரும்புவது 8.

கோளாறு வருவது வேறு இடத்தில். மென்பொருளில் லீவைத் திருத்தும் வசதி சில இடங்களில் இருக்காது. பழைய விண்ணப்பத்தை முழுதாக ரத்து செய்துவிட்டு, எடுத்த நாட்களுக்குப் புதிதாக விண்ணப்பிக்கச் சொல்வார்கள். ரத்து ஆகி, புதியது ஒப்புதல் ஆகாமல் தொங்கினால், அந்த 8 நாளும் காரணமில்லாமல் வராத நாளாகி சம்பளம் பிடிபடும். சம்பளக் கணக்கு மூடும் தேதிக்குமுன் இரண்டும் ஒப்புதல் ஆனதா என்று நீங்களே பாருங்கள். மேலாளர் மறந்திருப்பார். நான் மறந்திருக்கிறேன்.

மெடிக்கல் லீவில் இருக்கேன். உடம்பு சரியாயிடுச்சு. சீக்கிரம் வரலாமா?

டாக்டர் எழுதித் தந்தால் வரலாம். வேலைக்குத் தகுதி என்ற சான்றிதழ் இல்லாமல் உங்களைச் சேர்த்துக்கொள்வது நிறுவனத்துக்கும் ஆபத்து. மத்திய அரசு விதியில் இதற்கென்றே 5ஆம் எண் படிவம் இருக்கிறது, அதைக் கொடுக்கும்வரை மருத்துவ விடுப்பில் போனவர் பணியில் சேர முடியாது. முதலில் 15 நாள் ஓய்வு என்று எழுதிய டாக்டரே 10ஆம் நாள் போதும் என்று எழுதுவதுதான் நல்லது. வேறு டாக்டரிடம் வாங்கினால் கேள்வி வரும்.

இஎஸ்ஐயில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நோய்க்கால உதவித்தொகை வாங்கும் நாளில் வேலை பார்த்துச் சம்பளமும் வாங்க முடியாது. திரும்பும் தேதிக்கு ஏற்ப இஎஸ்ஐ டாக்டரிடம் சான்றிதழை முடித்து வாங்கிக்கொண்டுதான் சேர வேண்டும்.

மேலாளருக்கு எழுதும் பட்டியலும் இங்கே கொஞ்சம் மாறும். எந்த வேலை தயார் என்பதோடு, உடம்பு எதற்குத் தயார் என்பதையும் சொல்ல வேண்டும். கையில் எலும்பு முறிந்து திரும்பியவர் ஒருவர் "தட்டச்சு ஒரு மணி நேரத்துக்கு மேல் முடியாது, கோப்பு சரிபார்ப்பது முடியும், ஸ்டோருக்குப் போய் சரக்கு எண்ண முடியாது" என்று எழுதினார். என்ன நோய், என்ன மாத்திரை என்பதெல்லாம் எனக்குத் தேவையே இல்லை.

மகப்பேறு லீவை முன்னாடியே முடிச்சுக்கலாமா?

இதில் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. குழந்தை பிறந்த நாளிலிருந்து 6 வாரத்துக்கு அந்தப் பெண்ணை வேலைக்கு வைக்கவே கூடாது, அவரே விரும்பினாலும். 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தில் இருந்த இந்த விதி 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இருக்கிறது. 6 வாரத்துக்குப் பிறகு விருப்பப்பட்டுத் திரும்பலாம். ஆனால் அனுமதித்த காலத்தில் வேலை பார்த்த நாட்களுக்கு மகப்பேறு உதவித்தொகை கிடையாது, சம்பளம்தான். வீட்டில் இருந்தபடி "கொஞ்சம் மெயில் மட்டும்" பார்க்கச் சொல்லும் மேலாளர்களும் உண்டு. எழுத்தில் தேதி இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மேலாளர் "வேண்டாம், லீவை முடிச்சுட்டே வா"ன்னு சொன்னா?

கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. உங்கள் இடத்துக்கு ஒப்பந்த ஆள் ஒருவரை 17ஆம் தேதிவரை பேசிவைத்திருக்கலாம், அல்லது தணிக்கை நடக்கும் வாரத்தில் கைமாற்றம் வேண்டாம் என்று நினைக்கலாம். ஒரே ஒரு மாற்று கேட்டுப் பாருங்கள்: "முழுப் பொறுப்பு வேண்டாம் சார், ரெகன்சிலியேஷன் மட்டும் பார்க்கிறேன்." யாரையும் தொடாத, யார் கையிலும் இல்லாத வேலையாக இருந்தால் பெரும்பாலும் சரி என்பார்கள். அதற்கும் முடியாது என்றால் லீவை முடித்துவிட்டே வாருங்கள்.

நானா வரலை, அவங்கதான் கூப்பிட்டாங்க. அப்பவும் இதே மாதிரிதானா?

இல்லை, அது வேறு கணக்கு. மத்திய அரசில் விடுப்பிலிருந்து திரும்ப அழைப்பதைக் கட்டாய அழைப்பாகவே எடுத்துக்கொள்வார்கள். இந்தியாவுக்குள் இருப்பவர் பணியிடத்துக்குக் கிளம்பிய நாளிலிருந்தே பணியில் இருப்பதாகக் கணக்கு, பயணப்படியும் உண்டு. தனியாரில் அப்படி எழுதிய விதி இருப்பது அரிது. ஆகவே போகும்முன் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: ரத்தாகும் டிக்கெட் பணம் யாருடையது, பயண நாள் லீவா வேலையா, மீதி லீவை எப்போது எடுக்கலாம். எந்த வேலைக்காகக் கூப்பிட்டார்கள் என்பதையும் கேளுங்கள். அந்த ஒரு வேலைதான் உங்கள் பட்டியல். மற்றதெல்லாம் பழைய தேதிவரை அவரவரிடமே இருக்கட்டும்.

முதல் ரெண்டு நாள் வீட்டிலிருந்தோ, அரை நாளோ வேலை பார்த்துட்டு அப்புறம் முழுசா வரலாமா?

நிறுவனம் ஒத்துக்கொண்டால் வரலாம். எனக்கு அதில் அவ்வளவு பிரியம் இல்லை. அரை நாள் வருபவரிடம் தம்பி எதையும் முழுதாக ஒப்படைக்க மாட்டார், வைத்துக்கொள்ளவும் மாட்டார். அப்படித்தான் வர வேண்டும் என்றால், எந்த நேரத்தில் இருப்பீர்கள் என்பதையும், அந்த நேரத்துக்குள் தொடங்கி முடியும் ஒரே ஒரு வேலையையும் மட்டும் சொல்லுங்கள்.

வந்து நாலே நாள்ல மறுபடி ஊருக்குப் போக வேண்டியதாயிடுச்சு. பழைய லீவே செல்லுமா?

செல்லாது. 8ஆம் தேதியோடு முடிந்த லீவு முடிந்ததுதான், புதிதாகத்தான் கேட்க வேண்டும். எங்கள் அக்கவுண்டன்டுக்கு ஏறக்குறைய அப்படி ஆனது. 16ஆம் தேதி காலை மதுரையிலிருந்து அழைப்பு, அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம். மதியம் பஸ் ஏறிவிட்டார். பொது ஃபோல்டரில் இருந்த 3பி கோப்பைத் திறந்தால், முந்தின நாள் சாயங்காலம் அவர் எழுதிய வரி இருந்தது: "2பியில் வராத சப்ளையர்கள் 6 பேர், 4 பேருக்குப் போன் செய்தாயிற்று, மீதி 2 பேர் மஞ்சளில்." தம்பி அந்த இரண்டு மஞ்சள் வரிகளிலிருந்து தொடங்கினார். 19ஆம் தேதி மதியம் தாக்கல் ஆனது.